கிளவுட் சர்வர் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கும் முன்: பாதுகாப்பு யார் பொறுப்பு, சர்வர் நின்றால் என்ன கிடைக்கும், தரவு எங்கே இருக்கும்

பெரிய கிளவுட் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் சிறு வாடிக்கையாளரால் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. கணக்குத் திறக்கும்போது ஒரு பெட்டியில் டிக் அடிக்கிறோம், ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. மாற்ற முடியாததை ஏன் படிக்க வேண்டும்? அவர்கள் எதைச் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் நாம் எதைச் செய்ய வேண்டும் என்பது தெரியும். இந்த வழிகாட்டி ஒப்பந்தத்தை அந்தக் கண்ணோட்டத்தில்தான் வாசிக்கிறது.

பொதுவாகச் சொன்னால் கையில் ஒன்றும் நிற்காது என்பதால் ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு சிறு நிறுவனம் ஜவுளி வியாபாரிகளுக்கு பில்லிங், கணக்கு மென்பொருளை மாதச் சந்தாவுக்கு நடத்துகிறது. அமேசான் வெப் சர்வீசஸின் மும்பை ரீஜனில், அதாவது மும்பை டேட்டா சென்டர் தொகுப்பில், ஈசி2 என்ற சேவையில் வாடகைக்கு எடுத்த இரண்டு சர்வர்கள். ஒன்றில் மென்பொருள், இன்னொன்றில் டேட்டாபேஸ். பில் பிடிஎஃப்களும் பேக்கப்பும் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவையில். மாத பில் ஜிஎஸ்டி சேர்க்காமல் 40,000 ரூபாய், அதில் இரண்டு சர்வர்களுக்கும் சேர்த்து 24,000. இது கற்பனை நிறுவனம்தான், ஆனால் இப்படி அமைத்து நடத்துபவர்கள் ஏராளம்.

முதல் வேலை: எந்தெந்தக் காகிதங்கள் சேர்ந்தது ஒப்பந்தம்?

"ஒப்பந்தம்" என்று நாம் நினைப்பது ஒரே ஆவணம் அல்ல. அமேசானைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் ஒப்பந்தம் ஒன்று, ஒவ்வொரு சேவைக்குமான நிபந்தனைகள் ஒன்று, எவ்வளவு நேரம் இயங்கும் என்று ஒவ்வொரு சேவைக்கும் உறுதி தரும் தனித்தனி எஸ்எல்ஏ, பிறகு தரவு கையாளும் விதிகள். இந்தியக் கணக்குகளுக்கு எதிர்த்தரப்பு பொதுவாக அமெரிக்கத் தாய் நிறுவனம் அல்ல, அதன் இந்திய நிறுவனம். பில்லின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நாளைக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தால் அந்தப் பெயருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

சம்மதிக்கும் நாளிலேயே இந்த நான்கையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, தேதி போட்டு வையுங்கள். இவை இணையப் பக்கங்கள், மாறிக்கொண்டே இருக்கும். எஸ்எல்ஏவை நமக்குப் பாதகமாக மாற்றினால் 90 நாள் முன்னறிவிப்பு தருவதாக அமேசான் ஒப்பந்தம் சொல்கிறது. பழைய பிரதி கையில் இல்லாவிட்டால் மாறியது எது என்றே தெரியாது. நான் கீழே சொல்லும் எண்களையும் அன்றைய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது: பாதுகாப்பில் கோடு எங்கே விழுகிறது?

கட்டடம், மின்சாரம், வன்பொருள், நெட்வொர்க், சர்வர்களைப் பிரித்துத் தரும் அடிப்படை மென்பொருள் ஆகியவற்றின் பாதுகாப்பு அமேசானுடையது. அதற்குமேல் நாம் வைப்பதெல்லாம் நம்முடையது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இந்தக் கோடு சேவைக்குச் சேவை நகரும், பலரும் வழுக்குவது அங்கேதான்.

நம் ஈரோட்டு நிறுவனம் டேட்டாபேஸை ஈசி2 சர்வரில் தானே நிறுவியிருக்கிறது. அப்படியானால் லினக்ஸுக்கு பேட்ச் போடுவது, டேட்டாபேஸுக்கு பேட்ச் போடுவது, பேக்கப் எடுப்பது, எந்த போர்ட் வெளியே திறந்திருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். அதே டேட்டாபேஸை, அமேசானே நடத்தித் தரும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸுக்கு மாற்றினால் இயங்குதள பேட்ச் அமேசான் பக்கம் போய்விடும். ஆனால் யாருக்கு எந்த அனுமதி, கடவுச்சொல் எங்கே இருக்கிறது, டேட்டாபேஸ் இணையத்துக்குத் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போதும் நம் பொறுப்பு. எஸ்3-இல் சர்வரே நம் கண்ணில் படாது. இருந்தும் எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது நாம்தான். 2023 ஏப்ரலில் இருந்து புதிதாக உருவாக்கும் எஸ்3 பக்கெட்டுகள், அதாவது கோப்புகளை வைக்கும் பெட்டகங்கள், பொதுப் பார்வைக்கு மூடப்பட்டே வருகின்றன. அதற்கு முந்தைய பக்கெட் இருந்தால் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இந்தக் கோடு காகிதத்தோடு நிற்பதில்லை என்பதற்கு 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்ததே போதும். அமேசான் கிளவுடில் இருந்த அந்த வங்கியின் தரவு திருடப்பட்டது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியே உள்ளே வந்தவர், அந்தச் சர்வருக்குத் தேவைக்கு மேல் கொடுக்கப்பட்டிருந்த அனுமதிகளைக் கொண்டு எஸ்3 கோப்புகளை எடுத்துக்கொண்டார். ஃபயர்வாலை அமைத்ததும் அனுமதி கொடுத்ததும் வங்கி. 2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது, அதைக் கட்டியது வங்கி.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கிறது: நம் கணக்கின் கீழ் நடக்கும் எல்லாச் செயலுக்கும் நாமே பொறுப்பு. ஒரு டெவலப்பர் அணுகல் சாவியை நிரலோடு சேர்த்து கிட்ஹப்பில் ஏற்றிவிட்டார், யாரோ அதை எடுத்து நூறு சர்வர்களை ஓடவிட்டு கிரிப்டோ நாணயம் எடுத்தார் என்றால் அந்த பில் நமக்குத்தான் வரும். குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், உரிமையாகக் கோர முடியாது. ரூட் கணக்குக்கு இரண்டாம் அடுக்கு உறுதிப்பாடு போடுவதும், பில் ஒரு வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை வருமாறு வைப்பதும் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை.

இந்தியச் சட்டம் இந்தக் கோட்டின் நம் பக்கத்தில் மேலும் இரண்டு வேலைகளைச் சேர்க்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, அது பட்டியலிட்டுள்ள பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளான லாக்களை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஆனால் அமேசான் கணக்கில் யார் என்ன செய்தார் என்று காட்டும் கிளவுட்ட்ரெயில் பக்கம் தானாக வைத்திருப்பது 90 நாள் வரலாறு மட்டுமே. மீதியைச் சேமிக்க நாமே ஒரு ட்ரெயில் உருவாக்கி எஸ்3-க்கு அனுப்ப வேண்டும். 91-ஆம் நாளில் விசாரணை வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை. 2025 நவம்பரில் வெளியான தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் லாக்களை ஓராண்டு வைக்கச் சொல்கின்றன. அந்தக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருபவை. ட்ரெயிலை இப்போதே ஓராண்டுக்கு அமைத்துவிட்டால் இந்த ஒரு லாக்கைப் பொறுத்தவரை இரண்டுக்கும் சேர்த்து முடிந்தது.

இந்தப் பகுதியை முடிக்க ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: சேவை, அவர்கள் செய்வது, நம்மில் செய்பவர். மூன்றாவது வரிசையில் "டீம்" என்று எழுதாமல் ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள்.

மூன்றாவது: சர்வர் நின்றால் என்ன கிடைக்கும்?

எஸ்எல்ஏவில் 99.99 என்ற எண்ணைப் பார்த்ததும் நிம்மதி வருகிறது. அந்த எண் யாருக்குப் பொருந்தும் என்று அடுத்த வரியில் இருக்கிறது. ஈசி2-க்கு இரண்டு உறுதிமொழிகள் உண்டு. 99.99 சதவீதம் என்பது ரீஜன் அளவிலானது. சர்வர்களைக் குறைந்தது இரண்டு அவைலபிலிட்டி ஸோன்களில், அதாவது ஒரே ரீஜனுக்குள் தனித்தனியாக இயங்கும் டேட்டா சென்டர் பகுதிகளில், பிரித்து வைத்து, அவை எல்லாம் ஒரே நேரத்தில் வெளித் தொடர்பை இழந்தால்தான் அது எண்ணப்படும். தனி ஒரு சர்வருக்கான உறுதிமொழி 99.5 சதவீதம்தான்.

30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். 99.99 என்றால் சுமார் 4 நிமிடம் நிற்கலாம். 99.5 என்றால் 216 நிமிடம், அதாவது 3 மணி 36 நிமிடம் நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை.

இப்போது ஏப்ரல் 10-ஆம் தேதி மதியம் 2 மணி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள். மும்பையில் ஒரு ஸோனில் கோளாறு, நம் நிறுவனத்தின் இரண்டு சர்வர்களும் அங்கேதான் இருக்கின்றன. இரவு 7 மணிக்குத்தான் திரும்ப வருகின்றன. 300 நிமிட நிறுத்தம். அந்த மாத இயக்கம் 99.3 சதவீதம்.

அட்டவணைப்படி 99.5-க்குக் கீழே, 99-க்குக் குறையாமல் இருந்தால் 10 சதவீத கிரெடிட். 99-க்குக் கீழே, 95-க்குக் குறையாமல் இருந்தால் 30 சதவீதம். 95-க்கும் கீழே போனால் முழுத் தொகை. நம் கதையில் 10 சதவீதம், அதுவும் பாதிக்கப்பட்ட சர்வர்களுக்கான கட்டணத்தில். 24,000-இல் 10 சதவீதம், 2,400 ரூபாய். மொத்த பில் 40,000 என்பது கணக்கிலேயே வராது. கிடைப்பது பணமும் அல்ல, வரும் பில்லில் கழித்துக்கொள்ளும் கிரெடிட். அன்று மாலை ஐந்து மணி நேரம் ஃபோனில் திட்டு வாங்கியதற்கும், சந்தாவை நிறுத்திவிட்டுப் போன வியாபாரிக்கும் ஒன்றும் இல்லை. இந்த கிரெடிட்தான் ஒரே பரிகாரம் என்று எஸ்எல்ஏ தெளிவாகவே சொல்கிறது. வேறு வழியில் பொறுப்பு வந்தாலும் அதற்கு முந்தைய 12 மாதங்களில் நாம் கட்டிய கட்டணமே உச்சவரம்பு. இதை ஈட்டுத்தொகை என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள், இது தள்ளுபடி.

எது "நின்றது" என்பதற்கும் வரையறை உண்டு. சர்வருக்கு வெளித் தொடர்பே இல்லாதபோதுதான் அது கணக்கு. சர்வர் மெதுவாக இருந்தால், டேட்டாபேஸ் தொங்கினால், நம் அப்டேட்டில் பிழை இருந்தால் எதுவும் சேராது. அவர்களின் நியாயமான கட்டுப்பாட்டுக்கு வெளியே நடந்தவையும், பணம் கட்டாததால் கணக்கை நிறுத்திவைத்த காலமும் விலக்கு.

அந்த 2,400 ரூபாயும் தானாக வராது. கேட்டால்தான் வரும், கேட்கும் முறை இது. ஆதரவு மையத்தில் ஒரு கேஸ் திறந்து, தலைப்பில் இந்தச் சொற்களை அப்படியே போட வேண்டும்:

```
SLA Credit Request
```

உள்ளே ரீஜன், பாதிக்கப்பட்ட சர்வர்களின் ஐடி, நின்ற தேதியும் நேரமும், அதை நிரூபிக்கும் லாக். லாக்கில் வாடிக்கையாளர் பெயரோ கடவுச்சொல்லோ இருந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். சம்பவம் நடந்த பில்லிங் சுழற்சிக்குப் பிறகு இரண்டாவது சுழற்சி முடிவதற்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் 10-இல் நின்றதற்கு ஜூன் இறுதி.

லாக்குக்கு அதைவிடக் குறைந்த ஆயுள். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் நிமிடத்துக்கு ஒன்று என்று பதியும் அளவீடுகளை 15 நாட்கள்தான் அப்படியே வைத்திருக்கும். பிறகு ஐந்து நிமிடத் தொகுப்பாகச் சுருங்கிவிடும். ஆகவே சம்பவம் முடிந்த மறுநாளே, சர்வர் சோதனையில் தோற்றதைக் காட்டும் `StatusCheckFailed` வரைபடத்தையும் எண்களையும் எடுத்து வையுங்கள். சர்வருக்கு வெளியே, வேறொரு நிறுவனத்தின் இடத்தில் இருந்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் தளத்தைத் தட்டிப் பார்க்கும் கண்காணிப்பு ஒன்றும் ஓட வேண்டும். நின்றுபோன சர்வர் தான் நின்றதைத் தானே பதியாது.

சரி, இரண்டு ஸோனில் பிரித்து வைத்திருந்தால்? ஏப்ரல் 10 அன்று ஒரு ஸோன் விழுந்தாலும் இன்னொன்று ஓடியிருக்கும், வியாபாரிகளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ரீஜன் அளவிலான கிரெடிட்டும் கிடைத்திருக்காது, ஏனென்றால் எல்லாம் ஒன்றாக விழவில்லை. அதுவே நல்லது. கூடுதல் சர்வருக்கு ஆகும் மாதச் செலவை 2,400 ரூபாயோடு ஒப்பிடாமல், தாக்கல் தேதிக்கு முந்தைய நாள் ஐந்து மணி நேரம் நிற்பதோடு ஒப்பிடுங்கள்.

ரீஜனே மொத்தமாகத் தடுமாறுவதும் நடக்கும். 2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவில் உள்ள அமேசானின் வட வர்ஜீனியா ரீஜனில், டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் இணைய முகவரியைக் காட்டும் டிஎன்எஸ் பதிவில் ஏற்பட்ட கோளாறு பல மணி நேரம் உலகெங்கும் தளங்களை முடக்கியது. அந்த அளவுக்கு ஸோன் பிரிப்பு உதவாது. அதற்கு வேண்டியது இன்னொரு ரீஜனில் பேக்கப், அதிலிருந்து திரும்ப எழுப்பிப் பார்த்த அனுபவம்.

நான்காவது: தரவு உண்மையில் எங்கே இருக்கிறது?

நாம் தேர்ந்தெடுக்கும் ரீஜனில்தான் நம் தரவு இருக்கும், சட்டமோ அரசு உத்தரவோ கட்டாயப்படுத்தினால் தவிர நகர்த்த மாட்டோம் என்பது ஒப்பந்தத்தின் சாரம். இந்தியாவில் அமேசானுக்கு மும்பை 2016-இல் இருந்தும் ஹைதராபாத் 2022-இல் இருந்தும் இருக்கின்றன. அமேசான் நகர்த்தாது சரி, நாம்தான் தெரியாமல் நகர்த்துகிறோம்.

முதலில் பக்கெட்டுகளைப் பாருங்கள். பக்கெட் பெயரை மாற்றிக்கொண்டு இந்தக் கட்டளையை ஓட்டலாம்:

```
aws s3api get-bucket-location --bucket kanakku-backup
```

`ap-south-1` என்று வந்தால் மும்பை, `ap-south-2` என்றால் ஹைதராபாத். `null` என்று வந்தால் பிழை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது வட வர்ஜீனியா. யாரோ எதையோ சோதித்துப் பார்க்க ரீஜனை மாற்றாமல் உருவாக்கிய பக்கெட், பின்னாளில் உண்மையான பேக்கப் போகும் இடமாகிவிடுவது வழக்கம்.

கணக்கு மென்பொருளுக்கு இது வெறும் ஒழுங்கு சார்ந்த விஷயம் அல்ல. கம்பெனிகள் கணக்கு விதிகள் 2014-இன் 3-ஆம் விதி, மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் வைக்கப்பட வேண்டும் என்கிறது. "தினமும்" என்பது 2022 திருத்தத்தில் வந்தது. நம் வாடிக்கையாளர்களில் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் இருந்தால் அவர்களின் ஆடிட்டர் ஒருநாள் இதைக் கேட்பார். பணப் பரிவர்த்தனை அமைப்புகளின் தரவு முழுவதும் இந்தியாவில் மட்டுமே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சொன்னது வேறு. மென்பொருளுக்குள் பேமென்ட் வசதி சேர்க்கும்போது அட்டை விவரத்தை நாம் சேமிக்காமல் பேமென்ட் கேட்வேயிடமே விட்டுவிடுவது நல்லது.

பக்கெட் சரியாக இருந்தாலும் தரவு பக்கவாட்டில் கசியும் இடங்கள் உண்டு. மென்பொருளில் பிழை வந்தால் அறிவிக்கும் வெளிநாட்டுச் சேவை ஒன்றை இணைத்திருப்போம், பிழை அறிக்கையோடு வியாபாரியின் பில் விவரமும் போகும். மின்னஞ்சல் அனுப்பும் சேவை, சாட் பெட்டி, ஆதரவு கேஸில் இணைக்கும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இதே ரகம். இன்னொன்று பலர் கண்ணில் படாது. ஸ்கேன் செய்த பில்லில் இருந்து எழுத்தை எடுக்கும் டெக்ஸ்ட்ராக்ட் போன்ற சில அமேசான் சேவைகளின் நிபந்தனையில், சேவையை மேம்படுத்த நம் உள்ளடக்கத்தைப் பயன்படுத்தலாம், அதற்காக வேறு ரீஜனிலும் வைக்கலாம் என்று இருக்கிறது. வேண்டாம் என்று விலகும் வசதி உண்டு, ஆனால் அதை நாமே, கணக்குகளை நிர்வகிக்கும் ஆர்கனைசேஷன்ஸ் பகுதியில் போய் அமைக்க வேண்டும்.

"இந்தியாவில்" என்பதோடும் கேள்வி முடிவதில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுதாக அழிந்தது. பேக்கப் வசதிக்குத் தனியாகப் பணம் கட்டிய சிலருக்கும் தரவு திரும்பவில்லை, ஏனென்றால் அந்த பேக்கப் அதே வளாகத்தில் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டு, 2023-இல் கீழ் நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்புப் பெற்றார். பேக்கப் வேறு இடத்தில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்த வரிதான் அவருக்குக் கை கொடுத்தது. பேக்கப்பே வாங்காதவர்களுக்கு அப்படிக் காட்ட ஒரு வரியும் இல்லை. நம் ஈரோட்டு நிறுவனத்துக்கு விடை எளிது: ஓடும் தரவு மும்பையில், தினசரி பேக்கப்பின் பிரதி ஹைதராபாத்தில், முடிந்தால் வேறொரு அமேசான் கணக்கின் கீழ். இந்தியாவை விட்டும் போகாது, ஒரே நகரத்திலும் இருக்காது.

தரவு மும்பையில் இருப்பதால் அமெரிக்கச் சட்டம் தொடாது என்றும் வாடிக்கையாளருக்கு உறுதி சொல்லிவிடாதீர்கள். 2018-இல் வந்த அமெரிக்க கிளவுட் சட்டம், அந்நாட்டு நிறுவனங்களின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு எந்த நாட்டில் இருந்தாலும் உரிய உத்தரவின் பேரில் கேட்க இடம் தருகிறது. குறியாக்கச் சாவி நம்மிடம் மட்டும் இருந்தால் அவர்களால் கொடுக்க முடிவது படிக்க முடியாத கோப்புகள் மட்டுமே.

வெளியேறும் விதியையும் இதோடு படித்துவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு பொதுவாக 30 நாட்கள் தரவை அழிக்க மாட்டார்கள். ஆனால் பாக்கியைக் கட்டியிருந்தால்தான் எடுத்துக்கொள்ள விடுவார்கள்.

ஐந்தாவது: நம் வாடிக்கையாளருக்கு நாம் எழுதித் தருவது

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில், தன் வாடிக்கையாளர் விவரங்களை நம் மென்பொருளில் ஏற்றும் ஜவுளி வியாபாரிதான் முதல் பொறுப்பாளி. நாம் அவருக்காகக் கையாள்பவர், அமேசான் நமக்குக் கீழே. வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லி அவரால் விலக முடியாது, பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எனவே அவர் நம்மிடம் எழுத்தில் கேட்பார், கேட்க வேண்டும்.

எவ்வளவு நேரம் இயங்கும் என்று உறுதி தரும்போது பெருக்கிப் பாருங்கள். மென்பொருள் சர்வரும் டேட்டாபேஸ் சர்வரும் இரண்டும் ஓடினால்தான் சேவை ஓடும். ஒவ்வொன்றுக்கும் 99.5 என்றால் இரண்டும் சேர்ந்து 99 சதவீதம்தான், மாதத்துக்கு ஏழு மணி நேரத்துக்கும் மேல். இதில் நம் சொந்த அப்டேட்டுகளுக்கு ஆகும் நேரம் சேரவில்லை. இந்த அமைப்பை வைத்துக்கொண்டு விளம்பரத்தில் 99.9 என்று போடுவது, கையில் இல்லாததை விற்பது. இரண்டு ஸோனுக்கு மாறிவிட்டு அப்புறம் எண்ணை உயர்த்துங்கள்.

நான் எழுதினால் மூன்று பத்திகள் இப்படி இருக்கும், உங்கள் வழக்கறிஞர் திருத்திக்கொள்ளட்டும்:

"சேவை ஒரு மாதத்தில் 99 சதவீத நேரம் கிடைக்கும். முன்னறிவித்த பராமரிப்பு நேரம் சேராது. எந்த மாதமும் 8 முதல் 20-ஆம் தேதி வரை பராமரிப்பு வைக்கமாட்டோம். குறைந்தால் அந்த மாதச் சந்தாவில் 10 சதவீதம் நீங்கள் கேட்காமலே அடுத்த பில்லில் கழிக்கப்படும்."

"உங்கள் தரவு அமேசான் மும்பை ரீஜனிலும் அதன் தினசரி பேக்கப் ஹைதராபாத் ரீஜனிலும் இருக்கும். இந்த இடமோ, உங்கள் தரவைத் தொடும் வெளிச் சேவைகளின் இணைப்புப் பட்டியலோ மாறினால் 30 நாள் முன்பு எழுத்தில் தெரிவிப்போம்."

"சர்வர், டேட்டாபேஸ், பேக்கப் ஆகியவற்றின் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு. உங்கள் ஊழியர்களின் கடவுச்சொல், விலகிய ஊழியரின் கணக்கை நீக்குவது உங்கள் பொறுப்பு. உங்கள் தரவைப் பாதிக்கும் மீறல் தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்போம்."

கடைசிப் பத்தியின் 24 மணி நேரத்துக்குக் காரணம் உண்டு. புதிய விதிகளின்படி மீறலைப் பற்றித் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்லி, 72 மணி நேரத்துக்குள் விவர அறிக்கையும் கொடுக்க வேண்டியவர் அந்த வியாபாரி. நாம் மூன்றாம் நாள் சொன்னால் அவருக்கு அறிக்கை எழுதவே நேரம் இருக்காது.